போரின் சமாதானத்தை விசாரித்த தாவீது

தாவீது ராஜாவின் கதையில் படிக்கவே சங்கடமான பகுதி 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம். படைவீரன் உரியா போர்க்களத்தில் இருக்கிறான். ஊரில் அவன் மனைவி பத்சேபாள் தாவீதால் கர்ப்பமாகிவிடுகிறாள். பழியை மறைக்க வேண்டுமே என்று உரியாவை அரண்மனைக்கு வரவழைக்கிறார் தாவீது. வந்தவனிடம் ஒன்றுமே நடக்காததுபோல ஊர் நலம் விசாரிக்கிறார். அந்த விசாரிப்பை எபிரெய விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எழுதியிருப்பதை அப்படியே தமிழில் வைத்தால் இப்படி வரும்: "யோவாபின் சமாதானத்தையும் மக்களின் சமாதானத்தையும் போரின் சமாதானத்தையும் குறித்துத் தாவீது கேட்டார்."

போருக்கு ஏது சமாதானம்? முதல் முறை இந்த வரியைப் பார்த்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. எபிரெய மூலத்தில் மூன்று இடத்திலும் இருக்கும் சொல் ஷாலோம். அதைச் சமாதானம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் கிடைக்கும். குறைவில்லாமல், நல்லபடியாக இருப்பது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். ஒருவருடைய ஷாலோமைக் கேட்பது என்றால் அவருடைய நலம் விசாரிப்பது. படைத்தலைவன் யோவாப் நலமா, மக்கள் நலமா, போர் நல்லபடியாகப் போகிறதா? தாவீது கேட்டது அவ்வளவுதான், எபிரெயத்தில் அதில் விநோதம் எதுவும் இல்லை.

கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஷாலோம் என்று கண்ட இடத்தில் எய்ரேனே என்ற சொல்லை வைத்தார். கிரேக்கர்களுக்கு எய்ரேனே என்றால் போர் இல்லாத நிலை. போருக்கு நேர் எதிரான சொல்லையே போரோடு ஒட்டவைத்துவிட்டார். எபிரெயம் தெரியாத கிரேக்க வாசகர் தலையைச் சொறிந்திருப்பார்.

ஒரு மொழியின் வழக்குத்தொடரை, அதன் பொருளை எடுத்துச் சொல்லாமல், சொல்லுக்குச் சொல் இன்னொரு மொழியில் இறக்கிவைப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கிரேக்கத்தில் இப்படி வந்து சேர்ந்த எபிரெய வழக்குகளை எபிரெயச் சாயல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவை அந்த மொழிபெயர்ப்பு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அதன் பெயர் செப்துவஜிந்த். எழுபது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மொழிபெயர்த்தவர்கள் எழுபத்திரண்டு மூப்பர்கள் என்ற பழங்கதையை ஒட்டியது. கதை ஒருபுறம் இருக்கட்டும். முதல் ஐந்து ஆகமங்கள் கிமு 3ஆம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கிரேக்கம் பேசிய யூதர்களிடையே மொழிபெயர்க்கப்பட்டன என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பது. மற்ற நூல்கள் அடுத்த சில நூற்றாண்டுகளில் வெவ்வேறு கைகளால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அந்த "வெவ்வேறு கைகள்" என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாயல்களைப் பார்த்ததும் பலர் முதலில் வரும் முடிவு, மொழிபெயர்ப்பாளருக்குக் கிரேக்கம் சரியாகத் தெரியாது என்பது. அது எவ்வளவு தவறு என்று காட்ட ஆதியாகமம் 43ஆம் அதிகாரம் போதும். எகிப்தில் அதிகாரியாக இருக்கும் யோசேப்பு, தன்னை அடையாளம் தெரியாத அண்ணன்மார்களிடம் நலம் விசாரிக்கிறார். எபிரெயத்தில் இங்கேயும் அதே வழக்குதான்: அவர்களுடைய ஷாலோமைக் கேட்டார், பிறகு "உங்கள் தகப்பன் ஷாலோமா?" என்றார். ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் எழுதியவர் இங்கே எய்ரேனே என்ற சொல்லைத் தொடவே இல்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று யோசேப்பு கேட்டதாகவும், "உங்கள் தகப்பன் சுகமாக இருக்கிறாரா?" என்று தொடர்ந்ததாகவும் எழுதுகிறார். அலெக்சாந்திரியா தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் பேசிக்கொள்ளும் கிரேக்கம் அது. 37ஆம் அதிகாரத்தில் யாக்கோபு யோசேப்பை அனுப்பி, அண்ணன்மார்களின் ஷாலோமையும் மந்தையின் ஷாலோமையும் பார்த்துவரச் சொல்கிறார். அங்கேயும் கிரேக்கத்தில் "உன் அண்ணன்மாரும் ஆடுகளும் சுகமா என்று பார்" என்றுதான் இருக்கிறது. ஆட்டின் சமாதானம் என்ற பேச்சே இல்லை.

ஆக ஒரே எபிரெய வழக்கு, ஒரே செப்துவஜிந்த், ஆனால் இரண்டு விதமான மொழிபெயர்ப்பு. ஆதியாகமத்துக்காரர் பொருளைப் பார்த்தார், சாமுவேல்காரர் சொல்லைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர்கள் யார், என்ன பெயர் என்று எந்த ஏடும் நமக்குச் சொல்வதில்லை. ஆனாலும் எந்த நூலை எந்த மாதிரி ஆள் மொழிபெயர்த்தார் என்பதை இந்தச் சாயல்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

இன்னும் விநோதமான ஒன்று அதே 11ஆம் அதிகாரத்தில், இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது. பத்சேபாள் தாவீதுக்கு ஆள் அனுப்பிச் சொல்லும் செய்தி எபிரெயத்தில் இரண்டே சொல்: ஹாரா அநோகி. கர்ப்பமாயிருக்கிறேன் நான். இதன் கிரேக்கம்: எகோ எய்மி என் காஸ்த்ரி எக்ஹோ. கடைசி மூன்று சொற்கள், வயிற்றில் சுமக்கிறேன் என்று வரும், கர்ப்பத்தைச் சொல்லும் நல்ல கிரேக்க வழக்குதான். தொல்லை முன்னால் இருக்கும் இரண்டு சொற்களில். எகோ என்றால் நான், எய்மி என்றால் இருக்கிறேன். "நான் இருக்கிறேன் கர்ப்பமாயிருக்கிறேன்" என்று ஆகிவிடுகிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு வினைமுற்று முட்டிக்கொண்டு நிற்கிறது. கிரேக்கம் படிக்கும் பள்ளிப் பையன் எழுதினால்கூட ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார்.

இது கவனக்குறைவு அல்ல, ஒரு விதிப்படி நடந்த காரியம் என்பதுதான் சுவாரசியம். எபிரெயத்தில் "நான்" என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு, அனீ, அநோகி. பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. கிரேக்கத்தில் இருப்பதோ எகோ ஒன்றுதான். எந்த இடத்தில் எபிரெயத்தில் அனீ இருந்தது, எந்த இடத்தில் அநோகி இருந்தது என்பது கிரேக்கத்திலும் தெரிய வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். அதனால் அனீ வந்தால் வெறும் எகோ, அநோகி வந்தால் எகோ எய்மி என்று வைத்துக்கொண்டார். வாக்கியம் உடைந்தாலும் பரவாயில்லை, மூலத்தின் வடிவம் தெரிய வேண்டும்.

சாமுவேல் நூலின் தொடக்கப் பகுதியில் இந்த வழக்கம் இல்லை. தாவீது, பத்சேபாள் கதை வரும் இந்த இடத்தருகேதான் கிரேக்கத்தின் நடையே மாறுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹென்றி தாக்கரே என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கண்டுபிடித்து, இங்கிருந்து வேறு ஆள் கைவைத்திருக்கிறார் என்றார். பிறகு 1950களின் தொடக்கத்தில், சாக்கடலுக்கு மேற்கே நகல் ஹெவர் என்ற பள்ளத்தாக்கின் குகை ஒன்றிலிருந்து சிறிய தீர்க்கதரிசிகளின் நூல்கள் எழுதிய கிரேக்கத் தோல்சுருள் கிடைத்தது. அதை ஆராய்ந்த டொமினிக் பார்தெலமி 1963இல் ஒன்றைக் காட்டினார். அந்தச் சுருள் புதிய மொழிபெயர்ப்பு அல்ல. பழைய கிரேக்கத்தை எடுத்து, எபிரெயத்தோடு இன்னும் நெருக்கமாகத் திருத்தியது. சாமுவேலின் இந்தப் பகுதியும் அப்படித் திருத்திய அதே குழுவினரின் வேலை என்றார் அவர். "எகோ எய்மி" அந்தக் குழுவின் கைரேகைபோல. ஒரு கர்ப்பச் செய்தியில் தப்பி விழுந்த ஒரு வினைச்சொல்லிலிருந்து, கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி யூதேயாவில் நடந்த ஒரு திருத்த முயற்சியே வெளியே வருகிறது.

இதுவரை பார்த்தவை வாசகருக்குக் குழப்பம் தந்ததோடு நின்றுவிட்டன. பொருளையே தலைகீழாக்கக்கூடிய சாயல் ஒன்று உண்டு. எபிரெயத்தில் "இம்" என்பது ஒரு நிபந்தனைச் சொல். வந்தால், போனால் என்று நாம் வினையோடு சேர்த்துச் சொல்வதை அவர்கள் இந்தத் தனிச்சொல்லால் சொல்வார்கள். சங்கீதம் 95இன் கடைசி வசனத்தில், வனாந்தரத்தில் முரண்டுபிடித்த தலைமுறையைக் குறித்துக் கடவுள் ஆணையிடுகிறார்: "என் கோபத்தில் ஆணையிட்டேன்: அவர்கள் என் இளைப்பாறுதலில் நுழைந்தால்." அவ்வளவுதான், வாக்கியம் முடிந்துவிட்டது. நுழைந்தால் என்ன ஆகும்?

விடை 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தில் கிடைக்கிறது. சமாரியா முற்றுகையில் சிக்கிப் பஞ்சத்தில் துடிக்கிறது. ராஜாவுக்கு எலிசா தீர்க்கதரிசிமேல் கடுங்கோபம். அவர் இடும் ஆணை முழுசாக இருக்கிறது: "எலிசாவின் தலை இன்றைக்கு அவன்மேல் நின்றால், கடவுள் எனக்கு இப்படியும் செய்யட்டும், இதற்கு மேலும் செய்யட்டும்." அதாவது அவன் தலை நிற்காது, நின்றால் சாபம் எனக்கு. எபிரெயர்கள் பல நேரம் இந்தச் சாபப் பகுதியை வாயால் சொல்லாமல் விழுங்கிவிடுவார்கள். "நுழைந்தால்" என்பது மட்டும் நிற்கும். அதன் பொருள், நிச்சயமாக நுழையமாட்டார்கள்.

தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. "இனிமேல் அவன் வீட்டுப் படி ஏறினேன்னா பார்!" என்று ஒருவர் சொன்னால், ஏறப்போகிறார் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. "ஏறினேன்னா என் பேரை மாத்தி வச்சுக்கோ" என்று முழுசாகவும் சொல்வோம், கோபம் முற்றினால் "ஏறினேன்னா..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தியும்விடுவோம். எபிரெயத்திலும் நடந்தது இதேதான்.

சாதாரண கிரேக்கத்தில் இப்படி விழுங்கும் பழக்கம் கிடையாது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இம் இருந்த இடத்தில் கிரேக்க நிபந்தனைச் சொல்லான "எய்" என்பதை வைத்துவிட்டுப் போய்விட்டார்: "அவர்கள் என் இளைப்பாறுதலில் நுழைந்தால்." நலம் விசாரிப்பில் அத்தனை லாவகம் காட்டிய ஆதியாகமத்துக்காரர்கூட இங்கே விதிவிலக்கு இல்லை. 14ஆம் அதிகாரத்தில், சோதோம் ராஜாவின் பொருளில் ஒரு நூலோ செருப்பு வாரோகூட எடுக்கமாட்டேன் என்று ஆபிராம் ஆணையிடும் இடத்தில் அவரும் "எடுத்தால்" என்றுதான் எழுதுகிறார். ஆணை என்பதால் வார்த்தையை மாற்றத் தயங்கினாரோ என்னவோ.

பின்னால் எபிரெயர் நிருபம் இந்தச் சங்கீதத்தைக் கிரேக்கத்திலிருந்து எடுத்து, 3, 4 அதிகாரங்களில் மூன்று முறை மேற்கோள் காட்டியது. மூன்றிலும் "நுழைந்தால்". லத்தீனில் "நுழைந்தால்" என்றே போனது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் நடந்ததுதான் வேடிக்கை. 3ஆம் அதிகாரத்தில் "நுழையமாட்டார்கள்" என்று சரியாகப் போட்டவர்கள், அடுத்த அதிகாரத்தில் அதே கிரேக்கச் சொற்களை "நுழைந்தால்" என்று போட்டுவிட்டார்கள். எபிரெயம் தெரியாமல் ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவருக்கு, கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறதோ என்று தோன்றும். தமிழ் விவிலியம் "பிரவேசிப்பதில்லை" என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

மாற்கு 8ஆம் அதிகாரத்தில் இயேசு அடையாளம் கேட்டவர்களுக்குச் சொல்லும் பதிலும் இதே அச்சு: "இந்தத் தலைமுறைக்கு ஓர் அடையாளம் கொடுக்கப்பட்டால்." கொடுக்கப்படாது என்பதுதான் பொருள். மாற்கு கிரேக்கத்தில்தான் எழுதினார், ஆனால் அந்த வரிக்கு அடியில் ஒரு செமித்திய மொழியின் பேச்சு கேட்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிரேக்கத்தில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் உடனே எபிரெயச் சாயல் என்று முத்திரை குத்தக் கூடாது. நோவாவின் பேழைக்குள் விலங்குகள் "இரண்டு இரண்டு" நுழைந்தன என்று எபிரெயத்தில் இருக்கிறது, கிரேக்கத்திலும் "துவோ துவோ" என்று அப்படியே இருக்கிறது. இயேசு சீடர்களை அனுப்பும்போது மாற்கும் "துவோ துவோ" என்கிறார். நாம் இரண்டிரண்டாக என்று சொல்வதுபோலத்தான். நல்ல கிரேக்கத்தில் இப்படி எண்ணை இரட்டிக்கமாட்டார்கள், இது சுத்த எபிரெயம் என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் பலர் சொல்லிவந்தார்கள். அப்புறம் எகிப்தின் மணலிலிருந்து, பப்பிரசு என்ற நாணல் தாளில் எழுதிய பழைய ஏடுகள் குவியலாக வந்தன. ஆக்சிரின்கஸ் என்ற ஊரில் கிடைத்த கிபி 3ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில், எதையோ "மூன்று மூன்று" கட்டச் சொல்கிறார் ஒருவர். விவிலியத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படிப்பட்டவற்றைத் தொகுத்து, எபிரெயம் என்று நினைத்ததில் பெரும் பங்கு அன்றைய சாமானியரின் கிரேக்கமே என்று அடோல்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மானியர் வாதிட்டார். அதற்குப் பிறகு எதையும் சாயல் என்று சொல்லுமுன் இரண்டைப் பார்க்கிறார்கள். எபிரெயத்தில் அது வழக்கமான தொடரா? விவிலியத்துக்கு வெளியே, மொழிபெயர்ப்பு அல்லாத கிரேக்கத்தில் அது கிடைக்கவில்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் சாயல். பத்சேபாளின் "எகோ எய்மி" இந்தச் சோதனையில் நிற்கும், பேழையின் "துவோ துவோ" நிற்காது.

சோதனையில் நிற்கும் இன்னொன்று, "முகம் எடுத்தல்". எபிரெயத்தில் நாசா பானீம், முகத்தைத் தூக்குவது. குனிந்து வணங்கி நிற்பவரின் முகத்தைப் பெரியவர் தூக்கிவிட்டால், அவரை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம் என இதை வழக்கமாக விளக்குவார்கள். நீதிபதி செய்தால் அதுவே குற்றம், பாரபட்சம் ஆகிவிடும். லேவியராகமம் 19இல் ஏழையின் முகத்தை நாசா செய்யாதே என்கிறது சட்டம். நாசா என்பதற்குத் தூக்கு, சும, எடு என்று பல பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் "எடு" என்பதைப் பிடித்துக்கொண்டார், "ஏழையின் முகத்தை எடுக்காதே" என்று எழுதினார். குனிந்தவரும் தூக்கும் கையும் காணாமல் போய், கிரேக்க வாசகரிடம் புரியாத ஒரு தொடர் மட்டும் மிஞ்சியது. தமிழ் விவிலியம் இதே இடத்தில் "முகதாட்சிணியம்" என்கிறது. நமக்கும் வேண்டியவர் முகம் பார்த்துத்தானே நியாயம் வளைகிறது. எபிரெயத்தின் முகம் தமிழில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, கிரேக்கத்தில் உட்காரவில்லை.

ஆனால் உட்காராத தொடரே கிரேக்கத்தில் வேர்விட்டது. யூத சபைகளில் தலைமுறை தலைமுறையாக இந்த மொழிபெயர்ப்பை வாசித்துக் கேட்டவர்களுக்கு "முகம் எடுப்பது" பழகிப்போனது. புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது இரண்டு சொல்லும் ஒட்டி, புரோசோபொலேம்ப்சியா என்ற ஒரே சொல்லாக நிற்கிறது, முகமெடுப்பு. கடவுளிடம் முகமெடுப்பு இல்லை என்று ரோமர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். கடவுள் முகமெடுப்பவர் அல்ல என்று கொர்நேலியு வீட்டில் பேதுரு சொல்கிறார். பழைய கிரேக்க இலக்கியத்தில் தேடினால் இந்தச் சொல் கிடைக்காது. எபிரெயத்தில் பிறந்து, மொழிபெயர்ப்பில் தட்டுத்தடுமாறி, கடைசியில் சொந்தக் கிரேக்கச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இந்த மொழிபெயர்ப்புக் கிரேக்கத்துக்கே ஒரு தனி மணம் வந்துவிட்டதைக் காட்ட லூக்காவைப் பார்க்கலாம். எபிரெயத்தில் "மறுபடியும் செய்தான்" என்பதற்கு "செய்யக் கூட்டினான்" என்பார்கள், கூட்டுதல் என்றால் சேர்த்தல். ஆதியாகமம் 4இல் ஏவாள் காயீனுக்குப் பிறகு ஆபேலைப் பெற்றதைக் கிரேக்கம் "அவன் தம்பி ஆபேலைப் பெறக் கூட்டினாள்" என்கிறது. இப்போது திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உவமைக்கு வருவோம். முதல் வேலைக்காரனைக் குத்தகைக்காரர்கள் அடித்து அனுப்பிய பிறகு, தோட்டத்தின் சொந்தக்காரர் "மீண்டும் வேறொரு வேலைக்காரனை அனுப்பினார்" என்று மாற்கு 12இல் எளிய கிரேக்கத்தில் இருக்கிறது. அதே உவமை லூக்கா 20இல், "வேறொரு வேலைக்காரனை அனுப்பக் கூட்டினார்." மூன்றாவது ஆளுக்கும் அதே, "அனுப்பக் கூட்டினார்".

மாற்கின் சுவிசேஷம் லூக்காவின் முன்னால் இருந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்படியானால் நேரான கிரேக்கத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, அதை லூக்கா எபிரெயச் சாயலுள்ளதாக மாற்றியிருக்கிறார். அவருக்கு எபிரெய மூலம் ஏதோ கிடைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. செப்துவஜிந்த்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் காதுக்கு, வேதம் என்றால் இப்படித்தான் ஒலிக்கும். லூக்கா தன் கதையையும் அந்த ஒலியில் சொல்ல விரும்பினார் என்றாலே போதும். அவருடைய முதல் அதிகாரத்தைத் திறந்தால் இது தெரியும். முதல் நான்கு வசனமும் ஒரே வாக்கியம், தேர்ந்த கிரேக்க வரலாற்று ஆசிரியர் எழுதுவதுபோல அடுக்கி இழைத்தது. ஐந்தாம் வசனத்தில் "ஏரோதின் நாட்களில்" என்று தொடங்குகிறார், அந்த நடை அங்கேயே நின்றுபோகிறது. அதற்கு மேல் வருவது ஆபிரகாமின் கதையைக் கிரேக்கத்தில் சொன்னவர்களின் குரல்.